மாலை அன்றைக்கே, பணம் எப்போது?

ஓய்வு பெறும் நாளில் மாலை கிடைக்கும், சால்வை கிடைக்கும், உடன் வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்து வாங்கிய வெள்ளி விளக்கும் கிடைக்கும். செட்டில்மென்ட் பணம் மட்டும் அன்றைக்குக் கிடைக்காது. இது தெரிந்த விஷயம்தான் என்றாலும், எந்தப் பணம் எத்தனை நாளில் வரும் என்று கேட்டால் முப்பது ஆண்டு ஒரே இடத்தில் உழைத்தவர்கள்கூடத் தயங்குகிறார்கள். “எல்லாம் சேர்ந்து ஒரு மாசத்துல வந்துடும்” என்பார் ஒருவர். “எங்க சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் இழுத்தடிச்சாங்க” என்பார் அடுத்தவர். இரண்டும் நடப்பதுதான்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிப் பணங்களை ‘செட்டில்மென்ட்’ என்று ஒரே பெயரில் அழைப்பது. விடுப்புப் பணம் நிறுவனத்தின் சம்பளக் கணக்கிலிருந்து வருகிறது. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையும் நிறுவனம் தருவதே. ஆனால் பல நிறுவனங்கள் அதற்கான நிதியை எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனத்தில் போட்டு வைத்திருக்கும். பி.எஃப். பணம் நிறுவனத்திடம் இருப்பதே இல்லை, அது வருங்கால வைப்பு நிதி நிறுவனத்திடம் இருக்கிறது. இப்படி மூன்று கைகளிலிருந்து வரும் பணத்துக்குக் கெடுவும் மூன்று விதம். யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று தெரியாதவர் மூன்றுக்கும் சேர்த்து மனிதவளப் பிரிவின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும். கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டர்னர் என்று வைத்துக்கொள்வோம். 1996 அக்டோபர் 10-ல் வேலைக்குச் சேர்ந்தவர், 58 வயது முடிந்து 2026 மே 31-ல் ஓய்வு பெறுகிறார். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 38,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. மீதி வீட்டு வாடகைப்படி, பயணப்படி வகையறா. இந்த 26,000 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று கணக்கும் அதைச் சுற்றித்தான்.

முதலில் விடுப்புப் பணம். தற்செயல் விடுப்புக்கும் மருத்துவ விடுப்புக்கும் பெரும்பாலான இடங்களில் காசு கிடையாது. காசாவது ஈட்டிய விடுப்பு, அதாவது எல்லோரும் ‘இ.எல்.’ என்று சொல்வது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் இந்த விடுப்பு சேரும். ஒரு ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரைதான் எடுத்துச்செல்லலாம். இது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். நிறுவனம் விரும்பினால் கூடுதலாகத் தரலாம், பல பெரிய நிறுவனங்கள் தருகின்றன. ஐ.டி. அலுவலகம் போன்ற இடங்களில் எத்தனை நாள் சேர்க்கலாம் என்பதை நிறுவனத்தின் விடுப்பு விதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அரசு ஊழியர் உறவினர் வாங்கிய தொகையைக் கேட்டுவிட்டுத் தனக்கும் அப்படியே வரும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். மத்திய அரசு ஊழியருக்கு 300 நாள் வரை விடுப்பு காசாகும். பம்ப்செட் தொழிற்சாலைக்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நம் டர்னருக்குப் போன ஆண்டுகளிலிருந்து வந்த 30 நாள் இருக்கிறது. இந்த ஆண்டு கணக்கில் ஏறிய 14 நாளில் மகள் வளைகாப்புக்கும் ஊர்த் திருவிழாவுக்குமாக 8 நாள் எடுத்துவிட்டார், மீதி 6. ஜனவரி முதல் மே வரை 120 நாள் வேலை செய்ததற்கு இன்னொரு 6. ஆக 42 நாள். கடைசியாகச் சொன்ன அந்த 6 நாளைத்தான் கணக்கர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஆண்டின் நடுவில் ஓய்வு பெற்றாலும் அந்த ஆண்டு வேலை செய்த நாளுக்கு விடுப்பு உண்டு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அவர் ஆலையில் 26,000-ஐ 26-ஆல் வகுத்து நாளுக்கு 1,000 ரூபாய் என்று கணக்கிடுவது வழக்கம். எனவே 42,000 ரூபாய்.

இது எப்போது வர வேண்டும்? தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் விடுப்புப் பணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். ஓய்வு பெறுபவருக்கோ இரண்டு மாதம் வரை அவகாசம் உண்டு. முப்பது ஆண்டு இருந்தவரைக் காக்க வைத்துவிட்டு, முந்தாநாள் கோபித்துக்கொண்டு போனவருக்கு உடனே கொடு என்பது விசித்திரம்தான். ஆனால் “ரெண்டு நாள்ல தரணுமாமே” என்று இணையத்தில் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகும் ஓய்வுபெற்றவர் இந்த இடத்தில் தோற்றுப்போவார். நடைமுறையில் ஒழுங்கான நிறுவனங்கள் அடுத்த மாதச் சம்பளப் பட்டியலோடு சேர்த்துப் போட்டுவிடும். டர்னருக்கு ஜூன் மாதச் சம்பள நாளில் வரலாம். ஜூலை 31 தாண்டினால்தான் அது சட்டப்படி தாமதம்.

கடைசிச் சம்பளத்திலும் விடுப்புப் பணத்திலும்தான் பிடித்தங்கள் வந்து விழும். பண்டிகை முன்பணம், சிக்கன நாணயச் சங்கக் கடன், திருப்பித் தராத கருவிகள் என்று பட்டியல் நீளும். ‘நோ டியூஸ்’ தாளில் ஸ்டோர்ஸ், கேன்டீன், சங்கம் என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தத் தாள் ஒரு மேசையில் தூங்கினால் விடுப்புப் பணமும் சேர்ந்து தூங்கும். மே மாதம் பிறந்ததுமே இந்தத் தாளைக் கையில் எடுத்துச் சுற்ற ஆரம்பிப்பது நல்லது. பிடித்தம் எதுவானாலும் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் போட்ட ஒரு வரித் தாளில் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கணக்குக் கேட்பது கடினம்.

இரண்டாவது பணமான கிராஜுவிட்டியில்தான் பெரிய தொகை மாறிப்போகிறது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கு எளிமையானது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 15-ஆல் பெருக்கினால் ஒரு ஆண்டுப் பணிக்கான தொகை. அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். டர்னருக்கு ஒரு நாள் கூலி 1,000, ஓராண்டுக்கு 15,000. அவருடைய பணிக்காலம் 29 ஆண்டு 7 மாதம் சொச்சம். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சத்தை ஒரு முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆகவே 30 ஆண்டு. மொத்தம் 4,50,000 ரூபாய்.

மாதத்துக்கு 30 நாள்தானே, ஏன் 26? வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதத்தில் வேலைநாள் 26 என்பதால், நாள் கூலியை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். குஜராத்தைச் சேர்ந்த திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பிறகு சட்டத்திலேயே விளக்கமாகச் சேர்த்துவிட்டார்கள். இருந்தும் சிறு நிறுவனங்களில் 30-ஆல் வகுக்கும் பழக்கம் போகவில்லை. அப்படி வகுத்தால் டர்னருக்கு ஓராண்டுக்கு 13,000 தான் வரும், மொத்தம் 3,90,000. அறுபதாயிரம் ரூபாய் ஒரே வகுத்தலில் காணாமல்போகும். கூடவே அந்த 7 மாதத்தையும் தள்ளிவிட்டு 29 ஆண்டு என்று போட்டால் இன்னும் 13,000 குறையும். யாரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள், கணக்கர் பழைய தாளைப் பார்த்து எழுதியிருப்பார். ஆனாலும் பணம் போனது போனதுதான். செட்டில்மென்ட் தாள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது 26-ஆல் வகுத்திருக்கிறார்களா, சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா என்ற இரண்டையும்தான்.

இங்கே 2025-ல் வந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 21-ல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலைகள் சட்டம், பணிக்கொடைச் சட்டம், வைப்பு நிதிச் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் போய்விட்டன. விடுப்புப் பணத்துக்கான இரண்டு மாதக் கெடு, பணிக்கொடைக்கான 15 நாள் கணக்கு, அதன் 30 நாள் கெடு, தாமதத்துக்கு வட்டி ஆகியவை அப்படியே தொடர்கின்றன. மாறியிருப்பது ‘ஊதியம்’ என்பதன் பொருள். படிகள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நம் டர்னரின் 38,000-ல் 26,000 என்பது பாதிக்கு மேல் என்பதால் அவருக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் 38,000 சம்பளத்தில் அடிப்படையை 12,000 என்று மட்டும் காட்டி, மீதியைப் படிகளாகப் பிரித்திருக்கும் நிறுவனங்கள் பல உண்டு. அங்கே ஓய்வு பெறுபவருக்குக் கணக்கு இனி 12,000-ல் அல்ல, 19,000-ல் தொடங்கும். சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க இது ஒரு நல்ல காரணம்.

கெடு எப்படிப் போகிறது என்பதற்கு வருவோம். பணிக்கொடை தர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தொழிலாளி மனு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தெரிவிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. ஓய்வு பெறும் தேதி முன்பே தெரியும் என்பதால் அதற்கு 30 நாள் முன்னதாகவே மனு கொடுக்கலாம் என்று பணிக்கொடை விதிகள் அனுமதித்தன. பழைய விதிகளில் இதற்கு ‘ஐ’ படிவம் என்று பெயர். புதிய தொகுப்பின் கீழ் எந்தப் படிவம் என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். படிவம் எதுவானாலும் மே முதல் வாரத்தில் கொடுத்துவிட்டு, நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்வதுதான் முக்கியம். பின்னால் தகராறு வந்தால் பேசப்போவது அந்த முத்திரைதான்.

நிறுவனம் எல்.ஐ.சி.யின் குழு பணிக்கொடைத் திட்டத்தில் இருந்தால், அது முதலில் அங்கே கோரிக்கை அனுப்பிப் பணம் பெற்ற பிறகு தொழிலாளிக்குத் தரும். கோரிக்கையை ஓய்வுக்குப் பிறகு அனுப்பும் நிறுவனத்தில் இது 45 நாள், இரண்டு மாதம் என்று இழுப்பது சாதாரணம். “எல்.ஐ.சி.யிலிருந்து இன்னும் வரலை” என்பது அலுவலகத்தில் கேட்கும் வழக்கமான பதில். சட்டத்தின் கண்ணில் அது பதிலே அல்ல. நிதியை எங்கே போட்டு வைத்திருந்தாலும் தொழிலாளிக்கு 30 நாளில் தர வேண்டியது முதலாளிதான்.

தாமதமானால் ஆண்டுக்கு 10 சதவீதம் தனிவட்டி சேர்த்துத் தர வேண்டும். இதைக் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை. வட்டி கட்டாயம், கட்டுப்பாட்டு அதிகாரியோ நீதிமன்றமோ தங்கள் விருப்பத்தில் தள்ளுபடி செய்ய முடியாது என்று 2003-ல் கர்நாடகத்தின் கங்கஹனுமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதம் தொழிலாளியின் தவறால் நேர்ந்து, அதற்காக நிறுவனம் அதிகாரியிடம் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு. டர்னருக்கு ஜூன் 30-க்குள் வர வேண்டிய நாலரை லட்சம் அடுத்த ஜனவரி கடைசியில் வந்தால், ஏழு மாத வட்டி 26,250 ரூபாய்.

பணமே வரவில்லை, அல்லது குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றால் வக்கீல் நோட்டீசுக்கு ஓட வேண்டியதில்லை. தொழிலாளர் துறையில் இதற்கென்றே கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார். பழைய விதிப்படி அவரிடம் 90 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்பார்கள். இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். விசாரணை சில மாதத்தில் முடியலாம், ஓராண்டைத் தாண்டவும் செய்யலாம். உத்தரவு வந்தும் நிறுவனம் தராவிட்டால், மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பி நிலவரிப் பாக்கியை வசூலிப்பதுபோல் வசூலிக்க வழி உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் அந்த எல்லைக்குப் போவதில்லை. அதிகாரியின் முதல் நோட்டீஸ் கிடைத்ததும் காசோலை கிளம்பிவிடுவதுண்டு.

மூன்றாவது பணம் பி.எஃப். தொகையில் பெரும்பாலும் இதுதான் மிகப் பெரியது. டர்னரின் பாஸ்புக்கில் 11 லட்சத்துச் சொச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 55 வயதைத் தாண்டி ஓய்வு பெறுபவர் முழுத் தொகையையும் காத்திருப்பு இல்லாமல் எடுக்கலாம். வேலையை விட்டவர்களுக்கான காத்திருப்புக் காலம் இவருக்குப் பொருந்தாது. ஆனாலும் ஜூன் 1-ந் தேதி காலையிலேயே மனு போடுவது அவசரம்.

மே மாதச் சம்பளத்துக்கான பங்கை நிறுவனம் ஜூன் 15 வரை கட்டலாம் என்பதுதான் காரணம். டர்னரின் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் 3,120 ரூபாய். நிறுவனமும் முழுச் சம்பளத்துக்கு அதே அளவு கட்டுகிறது; அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விட, மீதி 1,870 பி.எஃப்.பில் சேர்கிறது. ஆக மே மாதத்துக்கு 4,990 ரூபாய் வர வேண்டும். அது ஏறுவதற்கு முன்பே மனு போட்டால், இருக்கும் தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். பிறகு இந்த ஐயாயிரத்துக்காக இன்னொரு மனு. பணம் எடுக்கும்வரை வட்டி ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டு வாரம் பொறுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

நிறுவனம் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். வைப்பு நிதித் தளத்தில் இவர் வேலையிலிருந்து விலகிய தேதியையும் காரணத்தையும் பதிய வேண்டும். இந்தத் தேதி பதியாவிட்டால் இறுதி மனுவையே போட முடியாது. பி.எஃப். வரவில்லை என்று புலம்புவோரில் கணிசமானவர்களுக்கு உண்மையில் சிக்கியிருப்பது பணம் அல்ல, இந்த ஒரு தேதிதான். நிறுவனம் பதியவே இல்லை என்றால், கடைசிப் பங்கு கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தானே `Manage` பகுதியில் `Mark Exit` என்பதைத் தேர்ந்து பதியலாம். அதற்கும் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். பத்து ஆண்டுக்கு முன்பு கொடுத்த எண், அந்த சிம் கார்டே இப்போது இல்லை என்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

தேதியும் கடைசிப் பங்கும் ஏறிய பிறகு, ஜூன் மூன்றாவது வாரத்தில் இணையத்தில் மனு போடலாம். பி.எஃப். முழுத் தொகைக்கு 19-ஆம் எண் படிவம், மாத ஓய்வூதியத்துக்கு 10-டி. எல்லா விவரமும் சரியாக உள்ள மனுவை 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று வைப்பு நிதித் திட்டத்தின் 72-வது பத்தி சொல்கிறது. தக்க காரணமில்லாமல் தாமதித்தால் 12 சதவீதம் தண்டவட்டி, அதுவும் ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. விவரங்கள் சுத்தமாக இருந்தால் பணம் பல நேரம் அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. டர்னர் ஜூலை முதல் பாதியை எதிர்பார்க்கலாம்.

விவரங்கள் சுத்தமாக இருந்தால் என்பதுதான் இங்கே உள்ள முடிச்சு. தமிழ்நாட்டுக்காரர்களின் மனு திரும்புவதற்குப் பெயர்தான் முதல் காரணம். 1996-ல் சேர்ந்தபோது ஆலைக் கணக்கர் ‘ஆர். முருகன்’ என்று எழுதியிருப்பார். ஆதாரில் ‘முருகன் ராமசாமி’ என்று இருக்கும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். பிறந்த தேதியும் அப்படித்தான்; பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஆதார் முகாமில் சொன்னது ஒன்று. வங்கியும் காலை வாரும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, சிண்டிகேட் வங்கி, ஆந்திரா வங்கி போன்றவையும் அந்த ஆண்டில் வேறு வங்கிகளோடு சேர்ந்தன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணே இன்னும் பி.எஃப். கணக்கில் இருந்தால் பணம் போய்த் திரும்பி வரும்.

இவற்றைத் திருத்த முடியாதா என்றால் முடியும், 2025 ஜனவரியில் அதை எளிதாக்கியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த எளிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யு.ஏ.என். எண் பெற்றவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முன்பே எண் பெற்றவர்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இன்று ஓய்வு பெறும் வயதில் இருக்கிற, நெடுங்காலமாக பி.எஃப். கட்டிவரும் ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவது வகைதான். பணியில் இருக்கும்வரை மனிதவளப் பிரிவுக்கு நடந்துபோய் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை, ஓய்வுக்குப் பிறகு வாசலில் செக்யூரிட்டியிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கும் வேலையாகிவிடும். ஆலை மூடிவிட்டால் இன்னும் சிரமம். ஓய்வுக்கு ஒரு ஆண்டு முன்பே தளத்தில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும். இடையில் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்திருந்தால் அந்தப் பழைய கணக்கை இதோடு இணைத்தாயிற்றா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

58-ஐத் தாண்டி 60 வரை வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 58 முடிந்ததும் நிறுவனம் ஓய்வூதியக் கணக்குக்குக் கட்டுவதை நிறுத்தி, தன் பங்கு முழுவதையும் பி.எஃப்.பில் போட வேண்டும். பல அலுவலகங்களில் மென்பொருள் பழைய வழக்கத்திலேயே 1,250-ஐ ஓய்வூதியத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஓய்வுக்குப் பிறகு மனு போடும்போதுதான் அது தெரியும், திருத்தி முடிக்க மாதக்கணக்காகும். 58-வது பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியைப் பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மாத ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பத்து ஆண்டுக்கு மேல் பணி செய்தவர் ஓய்வூதியக் கணக்கை மொத்தமாக எடுக்க முடியாது, மாத ஓய்வூதியம்தான். 15,000-ஐப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்து, ஆறாயிரத்துச் சொச்சம் வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். 2014 செப்டம்பர் 1-க்கு முந்தைய பணிக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய் என்றுதான் கணக்கு. 18 ஆண்டுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய காலத்தில் கழித்த டர்னருக்கு நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில்தான் வரும். உத்தரவு வந்து முதல் தொகை கணக்கில் ஏற மனு போட்டதிலிருந்து ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகலாம். கணக்கு 58 வயதிலிருந்தே தொடங்குவதால் இடைப்பட்ட மாதத் தொகை போய்விடாது, பாக்கியாகச் சேர்ந்து வரும்.

பணம் உடனே தேவைப்படாதவர் பி.எஃப்.பை எடுக்காமலேயே விட்டு வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. 55-க்குப் பிறகு ஓய்வு பெற்றவரின் கணக்கில் மூன்று ஆண்டு வரை வட்டி சேரும். 2024-25-க்கு அந்த வட்டி 8.25 சதவீதம். ஆனால் ஓய்வுக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மற்றபடி டர்னர் போன்றவர்களுக்கு வரிக் கவலை இல்லை. தனியார் ஊழியருக்குப் பணிக்கொடையில் 20 லட்சம் வரையும், விடுப்புப் பணத்தில் 25 லட்சம் வரையும் வரிவிலக்குக்கு இடம் இருக்கிறது. விடுப்புப் பணத்துக்கான உச்சவரம்பு 2023 வரை வெறும் 3 லட்சமாகத்தான் இருந்தது.

மனு 20 நாளில் தீரவில்லை, அல்லது காரணம் புரியாமல் திரும்பிவிட்டது என்றால் `epfigms.gov.in` தளத்தில் புகார் பதியலாம். நேரில் பேச விரும்புபவர்களுக்கு மாதம்தோறும் 27-ஆம் தேதியையொட்டி மாவட்டங்களில் வைப்பு நிதி நிறுவனம் குறைதீர் முகாம் நடத்துகிறது. போகும்போது திரும்பிய மனுவின் எண்ணையும் காரண வரியையும் அச்சிட்டுக் கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஆக, மே 31-ல் ஓய்வு பெறும் டர்னரின் வீட்டுக்கு நிதானமான கணக்கு இதுதான். பணிக்கொடை ஜூன் 30-க்குள் வர வேண்டும், ஜூலையில் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. விடுப்புப் பணம் ஜூன் சம்பளத்தோடு வரலாம், ஜூலை 31 வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். பி.எஃப். ஜூலை நடுவில், முதல் ஓய்வூதியம் ஆகஸ்டில். ஒன்றிரண்டு வாரம் முன்பின் போகலாம். எனவே ஜூன் மாதம் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம், வீட்டுக்கடனை மொத்தமாக அடைப்பது, மகனுக்கு வண்டி என்று எதையும் இந்தப் பணத்தை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். மூன்று மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஓய்வு பெறும் மாதம் பிறந்ததும் பணிக்கொடை மனுவைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.